சந்தைக் கடைக்கு ஒரு பேனர்: எட்டாம் வகுப்பில் விளம்பரம் எழுதும் பயிற்சி

விளம்பரம் எழுதச் சொன்னால் மாணவர்கள் 'வாரீர்! வாரீர்!' என்று தொடங்கிவிடுவார்கள். இந்த ஆண்டு அதை மாற்ற ஒரு வாய்ப்பு கிடைத்தது. கொள்ளிடக் கரையில் காய்கறி பயிரிடும் என் மாணவி ஒருத்தியின் அப்பா, ஞாயிறுதோறும் திருவரங்கம் பக்கத்து வாரச்சந்தையில் கடை போடுகிறார். "எங்க கடைக்கு பேனர் எழுதலாமா சார்?" என்று அவள் கேட்டாள்.

முதல் வரைவு இப்படி வந்தது: 'புத்தம் புதிய காய்கறிகள்! தரமானவை! மலிவானவை!'

"இதே வரியைப் பக்கத்துக் கடைக்காரரும் மாட்டலாமா?" என்று கேட்டேன். "மாட்டலாம் சார்" என்றார்கள். அப்படியானால் அந்த வரி இந்தக் கடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்து, தென்னூர் உழவர் சந்தையைப் பற்றிப் பேசினோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் அது. அங்கே விவசாயியிடம் அடையாள அட்டை இருக்கும். அன்றைய விலை பலகையில் இருக்கும். நம்பிக்கையை அட்டையும் பலகையும் தருகின்றன. வாரச்சந்தைக் கடையில் இவை இல்லை. அந்த வேலையை பேனர்தான் செய்ய வேண்டும்.

எனவே மாணவியிடம் கேள்விகள் கேட்கச் சொன்னேன். எங்கே விளைந்தது? யார் பறித்தது? எப்போது? கத்தரியும் வெண்டையும் அன்று விடியற்காலை 4 மணிக்குப் பறித்தவை. வாழைக்காய் முந்தைய நாள் வெட்டியது என்றாள். இங்கே ஒரு சிக்கல். 'இன்று காலை பறித்தது' என்று பேனரில் எழுதினால் வாழைக்காய்க்கு அது பொய். ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவர் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். பூச்சிமருந்து அடிப்பது உண்டு என்பதால் 'இயற்கை' என்ற சொல்லையும் அடித்தோம்.

தீர்வை ஒரு மாணவன் சொன்னான்: மாறாததை பேனரில் எழுதுவோம், மாறுவதைச் சிலேட்டில் எழுதுவோம்.

பேனர்:
எங்கள் தோட்டம், எங்கள் காய்
கொள்ளிடக் கரையிலிருந்து நேராக
ஞாயிறுதோறும் இதே இடத்தில்

சிலேட்டு:
கத்தரி, வெண்டை: இன்று காலை 4 மணிக்குப் பறித்தது
வாழைக்காய்: நேற்று வெட்டியது
வெண்டை நுனியை ஒடித்துப் பாருங்கள்

பேனரின் மூன்றாம் வரி எளிமையாகத் தெரியும். ஆனால் காய் சொத்தையாக இருந்தால் அடுத்த வாரம் வந்து கேட்கலாம் என்ற உறுதி அதில்தான் இருக்கிறது. சிலேட்டின் கடைசி வரி, நம்பச் சொல்லாமல் சோதிக்கச் சொல்கிறது. பிஞ்சு வெண்டை பட்டென்று ஒடியும், முற்றியது வளையும்.

மதிப்பீட்டுக்கு மூன்று கேள்விகள் வைத்தேன். பக்கத்துக் கடைக்கும் இந்த வரி பொருந்துமா? எல்லா வாரமும் இது உண்மையா? தாளைச் சுவரில் ஒட்டி இருபது அடி தள்ளி நின்று, நடந்தபடியே படிக்க முடிகிறதா? மூன்றாவதில் எங்கள் முதல் தாள் தோற்றது. எழுத்துகளைப் பெரிதாக்க இடமில்லாமல் இருந்தது; ஆச்சரியக்குறிகளையும் பூக்கோலத்தையும் நீக்கியதும் இடம் கிடைத்தது.