கூட்டறிக்கையில் சறுக்குகிற இடம்

ஜிந்துப்பிட்டியிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்தே போய்விடலாம். கோயில் பரிபாலன சபையில் பிணக்கு வந்து மாவட்ட நீதிமன்றம் போனால், அறிக்கைப் புத்தகமும் கூடவே போகும். அரசாங்கப் பாடசாலை என்றால் வழக்குக்கூடத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி பிரஜை எவரும் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்து, அபிவிருத்திச் சங்கக் கூட்டறிக்கையின் பிரதியைக் கேட்கலாம். ஏன் கேட்கிறார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

திகதி, இடம், தொடங்கிய நேரம், வந்தவர்கள், வராதவர்கள், கூட்ட நிறைவெண் இருந்ததா என்பதெல்லாம் செயலாளர்களுக்குப் பழகியவை. எழுதிவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

சறுக்குவது தீர்மானப் பந்தியில். வகுப்பறைக் கூரை திருத்த மூன்று விலைமனுக்கள் வந்திருக்கின்றன, சங்கம் இரண்டாவது குறைந்த விலையைத் தெரிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது இப்படி: “விலைமனுக்கள் தீர ஆராயப்பட்டு, திரு. ‘ஆ’ அவர்களுக்கு வேலையை வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” மரியாதையான வசனம்தான். ஆனால் ஆகக் குறைந்த விலையை ஏன் விட்டீர்கள் என்று நான்கு வருடம் கழித்து ஒருவர் கேட்டால் இதில் பதில் இல்லை. அன்று இருந்தவர்களுக்கும் அதற்குள் காரணம் மறந்திருக்கும்.

நான் எழுதச் சொல்வது இப்படி: “மூன்று விலைமனுக்கள் சபையில் திறக்கப்பட்டன (இணைப்பு 1, 2, 3). ஆகக் குறைந்த விலைமனுவில் பழைய தகடுகளை அகற்றும் செலவு சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்தால் இரண்டாவது விலைமனுவை விடக் கூடும். ஆகவே இரண்டாவது ஏற்கப்பட்டது. பிரேரித்தவர், ஆமோதித்தவர் பெயர்கள் வருமாறு. ஓர் உறுப்பினர், விலைமனு தந்தவர் தமது மைத்துனர் என்று அறிவித்து 4.20க்கு வெளியேறினார், தீர்மானம் முடிந்தபின் 4.35க்குத் திரும்பினார்.” பார்த்த ஆவணம், காரணம், முடிவு, விலகி நின்றவர் என்ற நான்கும் இருந்தால் போதும். யார் யாரை என்ன சொன்னார் என்பது வேண்டாம். “அவன் கள்ளன்” என்று ஒருவர் கத்தியதை எழுதினால் சங்கத்துக்கு ஒரு பயனும் இல்லை, அவதூறு வழக்குக்குத்தான் அது உதவும். எதிர்த்தவர் பெயரையும் காரணத்தையும் பதியச் சொன்னால் மட்டும், மறுக்காமல் அவர் சொன்னபடியே ஒரு வரியில் பதியுங்கள்.

முடிவாகாததை முடிவாகவில்லை என்றே எழுத வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலிஜியமே இதில் சிக்கியது. 2018 டிசம்பர் 12 கூட்டத்தில் சில முடிவுகள் எடுக்கப்பட்டதாகவும், ஆனால் கலந்தாலோசனை நிறைவு பெறவில்லை என்றும் 2019 ஜனவரி 10ஆம் திகதிய தீர்மானம் சொன்னது. அந்த டிசம்பர் கூட்டத்தின் விபரத்தைச் செயற்பாட்டாளர் அஞ்சலி பரத்வாஜ் அங்குள்ள தகவல் உரிமையின் கீழ் கேட்டார். உறுப்பினர்கள் ஒப்பமிட்ட இறுதித் தீர்மானமே முடிவு, பேசியது முடிவல்ல என்று சொல்லி 2022 டிசம்பர் 9இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. நான்கு வருட இழுபறி! “ஆராயப்பட்டது, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது” என்று எழுத எத்தனை நேரம் பிடிக்கும்?

ஒரு பிள்ளையின் நோய், ஓர் ஆசிரியரின் கடன் போன்ற தனிப்பட்ட விடயங்களைத் தனிப் பந்தியில் எழுதுவது என் கட்டாய விதி. நம் தகவல் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அத்தகைய தகவலை மறுக்க இடம் தருகிறது, 6ஆம் பிரிவு அந்தப் பகுதியை நீக்கி மிச்சத்தைக் கொடுக்கச் சொல்கிறது. தீர்மானத்தோடு கலந்து எழுதியிருந்தால் எதை மறைப்பது, எதைக் கொடுப்பது என்று தகவல் அலுவலர் திண்டாடுவார்.

பிழை கண்டால் ரிப்பெக்ஸ் பூசாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கமிடுங்கள். பிழையை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, தலைவரும் நீங்களும் சுருக்கொப்பமும் திகதியும் இடுங்கள். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்படும்போது இன்ன பந்தி இப்படித் திருத்தப்பட்டது என்று அந்தக் கூட்டறிக்கையிலும் எழுதுங்கள். விண்ணப்பம் வந்தபின் புத்தகத்தில் கை வைப்பது வேறு கதை. தகவலை அழித்தாலோ மாற்றினாலோ மறைத்தாலோ 39ஆம் பிரிவின்படி 50,000 ரூபாவுக்கு மேற்படாத அபராதம், இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். உங்கள் கைக்குறிப்பு, தொலைபேசியில் பதிந்த ஒலி, கணினிக் கோப்பு எல்லாமே சட்டத்தின் கண்ணில் தகவல்தான். ஒலிப்பதிவு ஒன்று சொல்ல, அறிக்கை வேறொன்று சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால் தேவையில்லாமல் ஒலிப்பதிவு செய்ய விடாதீர்கள்.

சட்டம் வந்தபின் உருவான பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பேண வேண்டும், எந்தச் செயலாளரும் அவ்வளவு காலம் பதவியில் இருப்பதில்லை. புத்தகத்தை வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். பதவி மாறும்போது எந்தப் பக்கம்வரை எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று ஒரு துண்டில் எழுதி, புதியவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.