கடற்படையிலிருந்து ஹோட்டலுக்கு

கேள்வி: கடற்படையின் இயந்திரப் பிரிவில் 22 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு, கொழும்பிலுள்ள ஆட்சேர்ப்பு அதிகாரிக்கு எப்படி எழுதுவது? (வாசகர், கல்லடி)

பதில்: நீங்கள் அனுப்பிய மாதிரிக் கடிதத்தில் முதல் ஐந்து வரியும் பதவி நிலையும் பதக்கங்களுமே. அதிகாரிக்கு அவை விளங்காது. மூன்றாம் வரியிலேயே கடிதத்தை மூடிவிடுவார். நீங்கள் கடைசியில் எழுதியதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்:

“வணக்கம். பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். கடற்படையில் படகு எஞ்சின்களையும் ஜெனரேட்டர்களையும் பழுதுபார்க்கும் ஒன்பது பேரை வழிநடத்தினேன். உப்புக்காற்றில் துருவேறும் இயந்திரங்களே என் அன்றாட வேலை. உதிரிப்பாகக் கணக்கும் என் பொறுப்பில் இருந்தது. தமிழ், சிங்களம் இரண்டும் பேசுவேன். அடுத்த மாதம் சேரலாம்.”

மொழி வரியை விட்டுவிடாதீர்கள். கொழும்புத் தலைமையகத்துக்கும் மட்டக்களப்புத் தொழிலாளருக்கும் நடுவே நிற்பவருக்கு அது பெரிய பலம். முகாம், நடவடிக்கை விவரங்கள் வேண்டாம். அவை இரகசியமாகவும் இருக்கலாம்.

சேவைச் சான்றிதழ் மட்டும் உங்கள் கைத்திறனைக் காட்டாது. நைட்டாவில் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தருவார்கள். அதற்கு விண்ணப்பித்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.