பனிக்கட்டியின் நடுவில் வெண்மை ஏன்?

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உறைந்த பனிக்கட்டியொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நடுப்பகுதியோ வெண்மையாய் மங்கியிருக்கும். நீர் அசுத்தமானதோ எனப் பெற்றோர் சிலர் ஐயுறுவர். பெரும்பாலும் இதற்குக் காரணம் அழுக்கன்று. நீரில் கரைந்துள்ள காற்றேயாகும்.

அடுப்பில் வைத்த நீர் கொதிக்கும் முன்னரே பாத்திரத்தின் உட்புறத்தில் சிறு குமிழிகள் ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்போம். அவை நீரிலிருந்து வெளியேறும் காற்றாகும். நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். நைட்ரஜனும் உடனிருக்கும்.

நீர் உறையும்போது அதன் நுண்துகள்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. அந்த அணிவகுப்பில் காற்றுக்கு இடமில்லை. ஆதலால், பனிக்கட்டி வளர வளர, காற்று எஞ்சிய நீருக்குள் தள்ளப்படுகிறது.

குளிர்பதனப் பெட்டியில் தட்டின் எல்லாப் பக்கங்களையும் குளிர் சூழ்ந்துள்ளது. எனவே நீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. காற்று முழுவதும் நடுவில் சேர்கிறது. அங்கு மீந்த சிறிதளவு நீர் அதனைத் தாங்க இயலாதபோது, காற்று குமிழிகளாகப் பிரிந்து, தப்ப வழியின்றிப் பனிக்கட்டிக்குள் சிறைப்படுகிறது. நீரும் காற்றும் நிறமற்றவையாயினும் சவர்க்கார நுரை வெண்மையாகத் தோன்றுவதுபோல், இக்குமிழிகளும் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன.

கொதிக்க வைத்த நீரைப் பயன்படுத்தினால் போதாதா? கொதிக்கும்போது காற்று பெருமளவு நீங்கும். ஆனால் ஆறும்போது மீண்டும் கரையும். எஞ்சியதும் நடுவிலேயே சேரும். ஆகவே, உறையும் திசையை மாற்றுவதே தக்க வழியாகும்.

அதனைச் செய்து பார்ப்போம். பிளாஸ்டிக் குவளையொன்றில் முக்கால் பங்கு நீர் ஊற்றுவோம். கண்ணாடிக் குவளை வேண்டா. உறையும் நீர் விரிந்து அதனை உடைத்துவிடும். குவளையைச் சிறு போலிஸ்டிரின் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் அடியிலும் பழந்துணியைத் திணிப்போம். மேற்புறத்தை மட்டும் திறந்து விடுவோம். இப்போது குளிர் மேலிருந்தே புகும். பனிக்கட்டி கீழ்நோக்கி வளரும். காற்று அடியிலுள்ள நீருக்குச் செல்லும். சாதாரணத் தட்டைவிட இதற்கு நெடுநேரமாகும். இடையிடையே பார்த்து, மேல் மூன்றில் இரண்டு பங்கு உறைந்தவுடன் எடுத்து, அடியிலுள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும். முழுவதும் உறைய விட்டால் அடிப்பகுதி வெண்மையாகிவிடும்.

வெண்மை காற்றினாலானதா என்று அறிவதும் எளிது. கட்டியைத் தூய குவளையில் உருக விடுவோம். நீர் தெளிந்தால் அது காற்று. அடியில் வெண்துகள் படிந்தால் அது நீரிலிருந்த உப்பு வகைகளாக இருக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது. உறைதலால் கிருமிகள் யாவும் அழிவதில்லை. கண்ணாடிபோல் தெளிந்த கட்டியிலும் அவை இருக்கக்கூடும். எனவே வெண்மையைக் கண்டு அஞ்ச வேண்டா. தெளிவைக் கண்டு நம்பவும் வேண்டா. குடிப்பதற்கான பனிக்கட்டியைக் கொதித்து ஆறிய நீரிலேயே செய்வோம்.