ஆனர்ஸ் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

நம் தாராவித் தம்பி ஒருவன் சென்ற மாதம் தன் ஆனர்ஸ் விண்ணப்பத்தைக் காட்டினான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுத் திட்டப்படி, நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ் பயில முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு வேண்டும். அது அவனிடம் இருந்தது. "கடினமான பணிகளை விரும்புகிறேன், தனித்து உழைப்பேன்" என்று எழுதியிருந்தான். இதை எவரும் எழுதலாமே!

"யாரும் ஏவாமல் நீயாக என்ன செய்தாய்?" என்றேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னான். மித்தி ஆற்றுநீரில் கரைந்த பிராணவாயுவை விங்க்ளர் முறையில் சோதித்திருக்கிறான். பாதி நிரம்பிய புட்டியில் நீரை மாட்டுங்காவிலுள்ள கல்லூரிக்குக் கொண்டுபோய் மருந்துகளைச் சேர்த்தபோது, வீழ்படிவு பழுப்பாயிற்று. பிராணவாயு உண்டென்று பொருள். ஆறோ நாறுகிறது! ஐயுற்றவன், மறுவாரம் கரையிலேயே குமிழியின்றிப் புட்டியை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரங்கலந்த அயோடைடையும் அங்கேயே சேர்த்தான். வீழ்படிவு வெள்ளையாகவே நின்றது. முன்பு கண்ட பிராணவாயு, வழியில் குலுங்கிய புட்டிக்குள்ளிருந்த காற்றுதான்.

"இதையல்லவா எழுத வேண்டும்?"

"முதல் சோதனை தப்பாச்சே, அண்ணே!"

"அந்தத் தப்பைக் கண்டவன் யார்?"

அந்த இரு சோதனைகளும் விண்ணப்பத்தின் தொடக்கமாயின. அடுத்து அவன் கேள்வி: கடல் ஏற்றத்தின்போது உவர்நீர் புகுந்தால் வெள்ளை பழுப்பாகுமா, எவ்வளவு நேரத்தில்? 'மித்தி முழுவதும்' என்றிருந்ததை அடித்து, 'ஒரு பாலத்தடியில்' என்று எழுதச் சொன்னேன். ஆராய்ச்சிக்குக் கிடைப்பது ஓராண்டுதானே.