கடன் குறைய மாறும் தள்ளுபடி வீதம்

சித்தூரில் தோத்தாபுரி மாம்பழக் கூழ் ஆலை ஒன்றைத் தொடங்க, திருப்பதியிலுள்ள வங்கிக் கிளையில் கடன் பெறுவதாகக் கொள்வோம். தவணைகள் அடைபட அடைபட, மூலதனத்தில் கடனின் பங்கு மூன்று ஆண்டுகளில் 60, 40, 20 விழுக்காடு என இறங்குகிறது. வட்டி 10 விழுக்காடு. 25 விழுக்காடு வரி மிச்சமாவதால் கடனின் உண்மைச் செலவு 7.5. கடன் குறையும்போது உரிமையாளரின் இடரும் குறைகிறது. ஆகவே அவர் எதிர்பார்க்கும் ஆதாயம் 17.5, 15, 13.75 என இறங்குகிறது.

முதலாண்டின் சராசரிச் செலவு: 0.6 × 7.5 + 0.4 × 17.5 = 11.5 விழுக்காடு. இதுவே அவ்வாண்டின் தள்ளுபடி வீதம். அடுத்த ஆண்டுகளுக்கு 12, 12.5 எனக் கிடைக்கும். வரிச் சலுகை தரும் கடனின் பங்கு சுருங்குவதே இவ்வுயர்வுக்குக் காரணம்.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் வரும் ₹100 லட்சத்தை 1.115 × 1.12 × 1.125 என்னும் பெருக்கத்தால் வகுத்தால், இன்றைய மதிப்பு ₹71.18 லட்சம். முதலாண்டு வீதத்தையே மூன்றாண்டுக்கும் வைத்தால் ₹72.14 லட்சம் வரும். ஏறத்தாழ ₹96,000 மிகை.

பங்குகளைக் கணக்கேட்டு மதிப்பில் அன்றி, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் திட்டத்திற்குள்ள மதிப்பில் காண வேண்டும். அம்மதிப்பை அறிய, கடைசி ஆண்டில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு வருகிறோம்.