டப்பாவா, அடுப்பா: ஓர் இளைஞரின் மூன்று மாதக் கணக்கு

புனே நகரில் நான் பணியாற்றும் கிளைக்கு இளைஞர் ஒருவர் வருவதுண்டு. திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஹிஞ்சவடியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இன்னும் திருமணம் ஆகவில்லை. வாகட் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனியே தங்கியிருக்கிறார். மாதம் 1,500 ரூபாய் கட்டும் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றை எங்கள் கிளையில் தொடங்கியிருந்தார். அதில் இரண்டு தவணைகள் நின்றுவிட்டன. காரணம் கேட்டேன்.

“சாப்பாட்டுக்கே எல்லாம் போய்விடுகிறது சார். டப்பாவை நிறுத்திவிட்டு நானே சமைத்துப் பார்த்தேன். அதில் செலவு இன்னும் கூடிவிட்டது” என்றார்.

டப்பா என்பது இந்நகரில் மாதச் சந்தாவுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து தரும் ஏற்பாடு. நான்கு சப்பாத்தி, ஒரு காய், ஒரு பருப்பு, கொஞ்சம் சோறு. சில நாள்களில் கோஷிம்பீர் எனப்படும் பச்சடி. இரு வேளைக்கும் சேர்த்து அவர் மாதம் 3,600 ரூபாய் கொடுத்துவந்தார். சமைத்த மாதத்தில் மளிகை, காய்கறி, பால், தயிருக்கு 2,450 ரூபாய். 5 கிலோ எரிவாயு உருளையை நிரப்ப 600 ரூபாய். அந்தச் சிறிய உருளை, அடுப்பு, ரெகுலேட்டர், மூன்று லிட்டர் குக்கர், மற்றப் பாத்திரங்கள் வாங்க 4,800 ரூபாய். ஆக மொத்தம் 7,850. டப்பாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று முடிவுகட்டி, அவர் மீண்டும் டப்பாவுக்கே திரும்பும் எண்ணத்தில் இருந்தார்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இக்கணக்கின் பிழை உடனே புலப்படும். வாங்கியது வேறு, செலவானது வேறு. கடைக்காரர் ஆண்டிறுதியில் கையிருப்பை எண்ணிக் கழிப்பதுபோல, சமையலறையிலும் மாதக் கடைசியில் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். அன்று மாலையே அவரை அவ்வாறு செய்யச் சொன்னேன். அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு, மசாலாப் பொடிகள் எனச் சுமார் 510 ரூபாய்க்கான பொருள் மிச்சமிருந்தது. ஆகவே உண்மையில் தீர்ந்தது 1,940 ரூபாய்க்கான பொருளே.

எரிவாயுவுக்கும் இதே முறைதான். உருளையின் மேற்பகுதியில் அதன் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். பயணப்பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசில் உருளையைத் தொங்கவிட்டு, காட்டும் எடையிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். (ரெகுலேட்டரைக் கழற்றி, அருகில் தீ எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.) அவருடைய உருளையில் 2.7 கிலோ மீதமிருந்தது; செலவானது 2.3 கிலோ. கிலோவுக்கு 120 ரூபாய் வீதம் 276 ரூபாய். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு எளிதில் கிடைப்பது இந்தச் சிறிய உருளைதான். வீட்டு இணைப்பான 14.2 கிலோ உருளையோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு விலை கூடுதல். அப்படியிருந்தும் எரிவாயு அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் கூட ஆகவில்லை. அரிசியையும் பருப்பையும் ஒரே குக்கரில் அடுக்கி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். தனியாகச் சமைப்போர் பலர் எரிவாயுவை எண்ணி அஞ்சுகிறார்கள். கணக்கில் அது மிகச் சிறிய இனம்.

பாத்திரச் செலவான 4,800 ரூபாயை ஒரே மாதத்தின் தலையில் ஏற்றியது அடுத்த பிழை. அறையில் இன்னும் இரண்டு ஆண்டுகளாவது இருப்பேன் என்றார். 24 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 200 ரூபாய். இப்போது சமையல் செலவு 1,940, 276, 200. மொத்தம் 2,416 ரூபாய்.

அந்த 1,940 ரூபாய்க்குள் குப்பைக்குப் போனதும் அடங்கும். நல்லவேளையாக, கொட்டியவற்றை அவர் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார்: அழுகிய கொத்தமல்லிக் கட்டுகள், பாதி முட்டைக்கோசு, புளித்துப்போன ஒரு கிலோ இட்லி மாவு, பூசணம் பிடித்த ரொட்டி, திரிந்த பால். விலை போட்டுப் பார்த்ததில் 230 ரூபாய். இந்தப் பட்டியலில் அரிசியோ பருப்போ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனி ஆளின் விரயம் பெரும்பாலும் குடும்ப அளவில் விற்கப்படும் பசும்பொருள்களில்தான் நிகழ்கிறது. புனேயின் காய்கறிச் சந்தைகளில் ‘பாவ் கிலோ’, அதாவது கால் கிலோ, என்றே விலை சொல்வார்கள். அந்த அளவில் இரண்டு காய்களை மட்டும் வாங்கி, அவை தீர்ந்த பிறகே அடுத்ததை வாங்குவது என்று அவர் பின்னர் வழக்கப்படுத்திக்கொண்டார். மாவுப் பொட்டலத்தை அறவே விட்டுவிட்டார்.

இனி டப்பாவின் பக்கம். 3,600 ரூபாயை 60 வேளையால் வகுத்து, வேளைக்கு 60 ரூபாய் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் ஞாயிறு இரவு டப்பா கிடையாது. எனவே வந்தவை 56. அவற்றிலும் 15 டப்பாக்களை அவர் உண்ணவில்லை. டப்பா இரவு எட்டு மணிக்கு வந்துவிடும். அவர் அறைக்குத் திரும்ப ஒன்பதரை ஆகும். சப்பாத்தி விறைத்திருக்கும், காயின் வாசனை மாறியிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு வேறு வரவழைப்பார். முன்னரே சொல்லி நிறுத்தலாமே என்றால், தொடர்ந்து மூன்று நாள் விடுப்பு எடுத்தால்தான் பணம் கழிப்பார்களாம். டப்பா பேசும்போது மாதக் கட்டணத்தைக் கேட்பவர்கள் இந்த விதியைக் கேட்பதில்லை. ஒரு நாள் விடுப்புக்குக் கழிவு உண்டா, முந்தைய நாள் எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டே முன்பணம் தர வேண்டும். அவர் உண்ட டப்பாக்கள் 41. அதன்படி வேளைக்கு 88 ரூபாய். சமைத்த மாதத்தில் வீட்டில் உண்டது 38 வேளை. வேளைக்கு 64 ரூபாய்.

“அப்படியென்றால் சமையல்தான் லாபம்” என்று முகம் மலர்ந்தார். நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். மனிதன் மாதத்திற்கு 60 வேளை உண்கிறான். மீதி வேளைகள் எங்கே போயின?

கைப்பேசியில் பணம் செலுத்திய பட்டியலைப் பார்த்தோம். டப்பா மாதத்தில் வெளியே உண்டது 19 வேளை. அவற்றுள் ஏழு, அலுவலக விருந்தும் நண்பர் வீடும். காசு கொடுத்தவை 12. சராசரி 160 ரூபாய் வீதம் 1,920. சமைத்த மாதத்தில் வெளியே 22 வேளை. காசு கொடுத்தவை 16, அதாவது 2,560 ரூபாய். இவற்றைச் சேர்த்தால் டப்பா மாதத்தின் உணவுச் செலவு 5,520. சமையல் மாதத்தின் செலவு 4,976. வேறுபாடு 544 ரூபாய் மட்டுமே.

அந்த 544 ரூபாய்க்கு அவர் கொடுத்த நேரம் எவ்வளவு? சந்தைக்குப் போவது, நறுக்குவது, சமைப்பது, பாத்திரம் துலக்குவது என எல்லாம் சேர்த்து மாதம் 26 மணி நேரம் என்று கணக்கிட்டார். டப்பாவுக்குக் கீழே இறங்கி வாங்கி வருவதும் கழுவி வைப்பதுமாக மூன்று மணி நேரம். கூடுதல் 23 மணி நேரம். சிலர் இங்கே சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து, அதனால் பெருக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதச் சம்பளக்காரருக்கு மாலை ஏழு மணிக்கு மேல் யாரும் மணிக்கூலி தருவதில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்பதே முறை: மிச்சத்தை நேரத்தால் வகுத்தால் என்ன கிடைக்கிறது? 544 ரூபாயை 23ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 ரூபாய். மணிக்கு 24 ரூபாய்க்குச் சமைக்கச் சம்மதமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

ஆனால் பட்டியலில் வேறொன்று கண்ணில் பட்டது. டப்பா மாதத்தில் வீணான 15 டப்பாக்களில் 11 இரவு டப்பாக்கள். மதியத்தில் வீணானவை நான்குதான். அவையும் அலுவலக விருந்து நாள்கள். சமைத்த மாதத்திலோ நேர்மாறு. காசு கொடுத்து உண்ட 16 வேளைகளில் 11, வேலை நாள்களின் மதிய உணவு. காலை ஆறரைக்கு எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு போக முடியாமல் அலுவலக உணவகத்தில் உண்டவை. டப்பா இரவில் தோற்றது. அடுப்பு மதியத்தில் தோற்றது. இரண்டையும் முழு மாத ஏற்பாடுகளாக ஒப்பிட்டதால் இது மறைந்துகிடந்தது.

மூன்றாவது மாதம் அவர் வேலை நாள்களின் மதியத்துக்கு மட்டும் டப்பா எடுத்தார். ஒரு வேளை மட்டும் என்பதால் விலை சற்றுக் கூடி, டப்பா ஒன்று 65 ரூபாய். 22 டப்பாக்களுக்கு 1,430 ரூபாய், ஒன்றுதான் வீணானது. இரவுகளிலும் விடுமுறை நாள்களிலுமாக 25 வேளை வீட்டில் உண்டார். அதற்காக அடுப்பு மூட்டியது 14 முறையே. ஒரே குக்கரில் காய்கறி போட்ட பருப்புச் சாதம், மறுநாளைக்கும் சேர்த்து. ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார். புனேயில் கோடையில் இரவு முழுவதும் வெளியே வைத்த சாதம் காலையில் உதவாது என்பதை ஒருமுறை கண்டுகொண்டாராம். தீர்ந்த பொருள் 1,200 ரூபாய், எரிவாயு ஒன்றரைக் கிலோவுக்கு 180, பாத்திரப் பங்கு 200. வெளியே காசு கொடுத்து உண்டது ஏழு வேளையாகக் குறைந்து 1,120 ரூபாய் ஆயிற்று. மொத்தம் 4,130.

டப்பா மாதத்தோடு ஒப்பிட 1,390 ரூபாய் மிச்சம். டப்பா வாங்கும் வேலையையும் சேர்த்து ஆன நேரம் 13 மணி. டப்பா மாதத்தைவிடப் பத்து மணி கூடுதல். மணிக்கு 139 ரூபாய். இந்த விலைக்குச் சமைப்பதில் தமக்குத் தடையில்லை என்றார்.

இந்த எண்கள் அவருடைய அறைக்கும் அவருடைய பணி நேரத்துக்கும் உரியவை. மாலை ஆறு மணிக்கே வீடு திரும்புபவருக்கு இரவு டப்பா வீணாகாது. அவருக்கு முழு டப்பாவே சரியாக இருக்கலாம். அறையில் இருவர் சேர்ந்து சமைத்தால், இதே 26 மணி நேரத்தில் இருவர் உண்பார்கள். முட்டைக்கோசும் பாதியில் அழுகாது. எண்கள் மாறும், எண்ண வேண்டிய இடங்கள் அவையேதான்.

சென்ற மாதம் அவர் நின்றுபோன ஒரு தவணையைத் தாமதக் கட்டணத்தோடு கட்டிவிட்டுச் சென்றார். மாதம் 1,500 ரூபாய்த் தவணைக்கு அவருடைய மிச்சத்தில் இன்னும் 110 ரூபாய் குறைகிறது. அது எந்த வேளையில் ஒளிந்திருக்கிறது என்று கேட்டேன். ஞாயிறு இரவுகளில்தான் என்று சற்றும் தயங்காமல் சொன்னார்.