நெல்லின் ஈரம், எடை, விலை: களத்தில் போடவேண்டிய கணக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையால் நிறையும் கண்மாய்களை நம்பி நடப்படும் நெல், இயந்திரத்தால் அறுக்கப்பட்டுக் களத்துக்கு வரும்போது பெரும்பாலும் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரப்பதம் கொண்டிருக்கும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஏற்கும் வரம்போ 17 சதவீதம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீர் வெளியேறும்போது எடை எவ்வளவு குறையும் என்பதற்கும், ஈர நெல்லைக் களத்திலேயே கேட்கும் வியாபாரியின் விலையை நிலைய விலையோடு எப்படி ஒப்பிடுவது என்பதற்கும் ஒரே கணக்குதான் விடை தருகிறது.

அந்தக் கணக்கின் அடிப்படை, காயும்போது மாறாமல் நிற்பது எது என்பதில் இருக்கிறது. ஈரப்பதம் என்பது நெல்லின் மொத்த எடையில் நீரின் பங்கு. எஞ்சியது உலர்பொருள், அதாவது நீர் நீங்கலாக மணியிலும் உமியிலும் உள்ள பொருள். வெயிலில் நீர் போகுமே தவிர உலர்பொருள் போவதில்லை. ஆகவே 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் 780 கிலோ உலர்பொருள் இருந்தால், அது 17 சதவீதத்துக்குக் காய்ந்த பின்னும் அதே 780 கிலோ இருக்கும்; ஆனால் அப்போது அது மொத்த எடையில் 83 சதவீதமாகிவிடும். எனவே காய்ந்த எடை, 780-ஐ 0.83-ஆல் வகுக்கக் கிடைக்கும் 939.8 கிலோ. இதைப் பொதுவாக இப்படி எழுதலாம்:

காய்ந்த எடை = ஈர எடை × (100 − தொடக்க ஈரப்பதம்) ÷ (100 − இறுதி ஈரப்பதம்)

ஈரப்பதம் 5 புள்ளி குறைந்தபோது எடை 5 சதவீதம் குறையவில்லை, 6 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நீர் குறையக் குறைய மொத்த எடையும் சுருங்குவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் போகும் எடை ஒரு சதவீதத்தைவிடக் கூடுதலாகிறது. 17 சதவீதத்தை இலக்காகக் கொண்டால் புள்ளிக்குத் தொடக்க எடையில் 1.2 சதவீதம் போகும். குவிண்டாலுக்கு 1 கிலோ 200 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் தொடக்க ஈரப்பதத்தைத் தவறாக அளந்தால் பயனில்லை. நெல்லை முதலில் தூற்றிப் பதரையும் தூசியையும் நீக்கிய பிறகே எடைபோட வேண்டும். இல்லாவிட்டால் பதரால் குறைந்த எடையும் ஈரத்தால் குறைந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு குவியலின் மேல், நடு, அடிப்பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்துக் கலந்து, ஈரப்பதமானியை நெல்லுக்குரிய அமைப்பில் வைத்து, குறைந்தது மூன்று முறை அளந்து சராசரி காண வேண்டும். வெயிலில் கிடந்து சூடேறிய நெல்லை அப்படியே அளந்தால் கருவி தவறாகக் காட்டக்கூடும் என்பதால், மாதிரியை நிழலில் ஆறவிட்டு அளப்பது அவசியம்.

ஈரப்பதமானி கையில் இல்லாத நாட்களில் தராசே அந்த வேலையைச் செய்யும். அளந்தறிந்த 22 சதவீத நெல்லில் 20 கிலோவைத் தனியே எடுத்து, அதே களத்தில் அதே கனத்தில் ஒரு படுதாவின்மேல் பரப்பி, மற்ற நெல்லைக் கிளறும்போதெல்லாம் அதையும் கிளறிவர வேண்டும். அதன் உலர்பொருள் 15.6 கிலோ, எனவே அது 18.8 கிலோவாக இறங்கும்போது 17 சதவீதத்தை எட்டியிருக்கும். இம்முறையின் பலவீனம் சிதறல்தான்: 200 கிராம் சிந்தினால் ஏறத்தாழ ஒரு புள்ளி காய்ந்துவிட்டதுபோல் தோன்றி, ஈரமான நெல் நிலையத்துக்குப் போய்த் திரும்பிவரும்.

பரப்பும் கனம் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரை இருந்து, அரை மணிக்கொரு முறை கிளறப்பட்டால் நெல் சீராகக் காயும். தடித்துப் பரப்பினால் மேலே உள்ளது காய்ந்து அடியிலுள்ளது ஈரமாகவே நிற்க, இரண்டும் கலந்த மூட்டையின் அளவு எடுக்கும் இடத்துக்கேற்ப மாறும். மிக மெல்லியதாகப் பரப்பிக் கடும் உச்சி வெயிலில் விட்டுவைத்தால் மணிக்குள் வெடிப்பு விழுந்து, அரைவையில் நொய் கூடும். காய்ந்த நெல் பனியில் நனைந்தாலும் அதே வெடிப்பு விழும் என்பதால், மாலையில் குவித்து மூடிவைப்பதைத் தவிர்க்கவே கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதே இந்த வேலையில் பணம் நேரடியாகத் தொடர்புடைய முடிவு. 2025–26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,369, மாநில அரசின் ஊக்கத்தொகை ரூ.131 சேர்ந்து நிலையத்தில் ரூ.2,500 கிடைக்கும். வரம்புக்குள் இருக்கும் நெல் 17 சதவீதமானாலும் 14 சதவீதமானாலும் விலை ஒன்றே. கூடுதலாகக் காயவைத்ததற்குத் தனிப்பணம் இல்லை. மேற்கண்ட 1,000 கிலோவை 17 சதவீதத்தில் நிறுத்தினால் 939.8 கிலோவுக்கு ரூ.23,494 வரும், 14 சதவீதம் வரை காயவிட்டால் 907 கிலோதான் மிஞ்சும், வரவு ரூ.22,674 ஆகும். ரூ.820 ஆவியாகிப் போயிருக்கும். அளவையில் ஏற்படும் பிழைக்கு இடம்விட்டு 16.5 சதவீத அளவில் நிறுத்துவது விவேகமானது. அதற்கும் கீழே காயவைப்பது, நெல்லை மாதக்கணக்கில் வீட்டில் சேமிக்கவோ விதைக்கு எடுத்துவைக்கவோ விரும்புவோருக்கு மட்டுமே பொருந்தும்.

இனி வியாபாரியின் விலையை ஒப்பிடலாம். நிலைய விலையான ரூ.2,500-ஐ 78-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்தால் ரூ.2,349 வருகிறது, 22 சதவீத ஈர நெல்லின் ஒரு குவிண்டாலில் உள்ள பொருளுக்கு இதுவே நிகரான விலை. ஆனால் காயவைக்கும் கூலி, நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் வாடகை, களத்தில் சிந்துவது, பறவைகள் தின்பது ஆகியவை விவசாயி தலையில் விழுவதால் அவற்றையும் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாகக் குவிண்டாலுக்குச் செலவு ரூ.80 என்றும், சேதம் அரை சதவீதம், அதாவது ஏறத்தாழ ரூ.12 என்றும் கொண்டால், ஈர நெல்லை ரூ.2,257-க்கு மேல் கேட்கும் வியாபாரிக்குக் களத்திலேயே கொடுப்பதில் நட்டமில்லை. அதற்குக் கீழே என்றால் காயவைப்பதே லாபம். கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறுவதால் ரூ.80 என்ற இடத்தில் அவரவர் செலவை வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரத்தில் ஏமாற்றம் நுழையும் வழிகள் இரண்டு. ஒன்று, குவிண்டாலில் புள்ளிக்கு இரண்டு கிலோ என்று முழு எண்ணாகக் கழிப்பது. 5 புள்ளிக்கு அப்படிக் கழித்தால் 1,000 கிலோவில் 100 கிலோ போகும். உண்மையில் போவது 60.2 கிலோதான் என்பதால் விவசாயி ஏறத்தாழ 40 கிலோ நெல்லை இலவசமாகக் கொடுக்கிறார். மற்றது இதைவிட நுட்பமானது: எடையை 14 சதவீதத்துக்குச் சுருக்கிக் கணக்கிட்டு, 17 சதவீத நெல்லுக்கான விலையைத் தருவது. அடிப்படை ஈரப்பதமும் விலையும் பிரிக்க முடியாத இணை. எடையை 14 சதவீதத்துக்குக் கணக்கிட்டால், ரூ.2,500-ஐ 86-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்து வரும் ரூ.2,590-ஐ விலையாகக் கேட்பதே நியாயம்.

இதே வட்டாரத்தில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளத்துக்கும் சூத்திரம் மாறுவதில்லை, அடிப்படை மட்டும் 14 சதவீதமாகிறது. புள்ளிக்கான குறைவு 1.16 சதவீதம். 2025–26-இன் ஆதரவு விலையான ரூ.2,400-ஐ வைத்துப் பார்த்தால், 18 சதவீத ஈரமுள்ள மக்காச்சோளத்துக்கு நிகரான விலை ரூ.2,288. கோழித்தீவனத்துக்கு வாங்குவோர் ஈரத்தோடு பூஞ்சையையும் பார்ப்பதால், ஈரக் கதிரைக் குவித்துவைத்துப் பூஞ்சை பிடித்த பிறகு ஏற்படும் விலைக்குறைவை இந்தக் கணக்கால் ஈடுகட்ட முடியாது; அதைத் தனியே பேசித் தீர்க்க வேண்டும்.